தனுஷ்கோடிக்கு எத்தனை அடைமொழி வேண்டும்?

விடுதிகளுக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் சுற்றுலாக் கையேடு எழுதித் தரும் நண்பர்களுக்கு,

அச்சுக்குப் போகும் முன் உங்கள் கையேடுகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ஏற்காடு, குற்றாலம், ராமேஸ்வரம், காரைக்குடி என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அட்டையை மறைத்துவிட்டு உள்ளே இருக்கிற பத்தியை மட்டும் படித்தால் எந்த ஊர் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை. எல்லா ஊரும் எழில் கொஞ்சுகிறது, எல்லாக் கோயிலும் வரலாற்றுச் சிறப்புமிக்கது, எல்லாக் கடலும் மனதை மயக்குகிறது. ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய், வெயிலில் அலைந்து, படம் எடுத்து வந்தவர்கள் நீங்கள். பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு இந்த வார்த்தைகளை ஏன் எழுதுகிறீர்கள் என்ற ஆதங்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் பயன் இருக்காது. ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன், தனுஷ்கோடி. அந்த ஊரைப் பற்றி வருகிற கையேடுகளில் வழக்கமாக இடம்பெறும் சொற்களைக் கோத்தால் இப்படி ஒரு பத்தி கிடைக்கும்:

“இயற்கை எழில் கொஞ்சும், கண்ணைக் கவரும், மனதை மயக்கும் அழகிய வெண்மணல் கடற்கரைகளும், வரலாற்றுச் சிறப்புமிக்க, பழமை வாய்ந்த, காலத்தால் அழியாத நினைவுச் சின்னங்களும் நிறைந்த, ஆன்மிக மணம் கமழும், ஆளரவமற்ற, மர்மங்கள் சூழ்ந்த அற்புதமான தனுஷ்கோடி, வாழ்நாளில் ஒருமுறையேனும் அனைவரும் காண வேண்டிய ரம்மியமான சுற்றுலாத் தலமாகும்.”

இந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் பெயரைச் சிறப்பிக்கிற எல்லாமே பெயருக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும். அதனால் அடைமொழியை அடுக்க அடுக்க, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தள்ளிக்கொண்டே போகிறது. “இயற்கை எழில் கொஞ்சும்” என்று தொடங்கியவருக்குக் கடற்கரை வர ஒரு வரி காத்திருக்க வேண்டும். தனுஷ்கோடி என்ற பெயர் வர இன்னும் மூன்று வரி. அதுவரை அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. பெயர் வந்து சேரும்போது முன்னால் படித்தது மறந்துபோயிருக்கும். ஓர் அடைமொழி பெயரை ஒட்டி நிற்கும்போது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு இருந்தாலும் தாங்கும். மூன்றாவது வந்ததும் கண் எதையும் வாங்காமல் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இனி களையெடுப்போம். ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வோர் அடைமொழியின் கீழும் கோடு போடுங்கள். பிறகு ஊர்ப் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் மாமல்லபுரம் என்றோ கன்னியாகுமரி என்றோ எழுதிப் பாருங்கள். அப்படியும் பொருந்துகிற அடைமொழி தனுஷ்கோடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். எழில் கொஞ்சும், கண்ணைக் கவரும், மனதை மயக்கும், வரலாற்றுச் சிறப்புமிக்க, பழமை வாய்ந்த, அற்புதமான, ரம்மியமான எல்லாம் இந்த ஒரே சோதனையில் போய்விடும். யோசித்துத் தயங்க வேண்டிய அவசியமே இல்லை.

மிஞ்சுகிற இரண்டு மூன்றைத்தான் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவை வெறுமையாக இருப்பதோடு நிற்கவில்லை, பொய்யும் சொல்கின்றன. “காலத்தால் அழியாத நினைவுச் சின்னங்கள்” என்கிறது பத்தி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் ஏறி வந்து அழித்துவிட்டுப் போன ஊர் அது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அங்கே போய் “அழியாத” என்று எழுதியிருப்பவர் அந்த ஊரை நினைத்து எழுதவில்லை. வேறு ஏதோ கோயிலுக்கு எழுதிய வரி கைப்பழக்கத்தில் இங்கேயும் வந்து விழுந்திருக்கிறது.

“ஆளரவமற்ற” என்பதும் அப்படியே. புயலுக்குப் பிறகு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு தனுஷ்கோடியை அறிவித்தது உண்மைதான். ஆனால் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. இடிந்த சுவர்களைப் படம் எடுக்கும் பயணிக்குச் சங்கும் சிப்பி மாலையும் விற்பவர்கள் அவர்கள்தான். “மர்மங்கள் சூழ்ந்த” என்பது இதைவிட மோசம். அங்கே நடந்தது புயல். எந்த நாள், எந்த நேரம், எந்த ரயில் என்பது வரை பதிவாகியிருக்கிறது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கத்தைப் பேய்க்கதையாக்கி விற்க நமக்கு உரிமை இல்லை.

இப்போது பத்தியில் பாதிக்கு மேல் காலி. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கையேட்டின் அளவை முதலில் நினைவில் வையுங்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் முன்னும் பின்னுமாக ஆறு பக்கம். ஒரு பக்கத்தின் அகலம் பத்து சென்டிமீட்டர்தான். மேலே ஒரு படம் போட்டுவிட்டால், கண்ணுக்கு வலிக்காத எழுத்தில் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே தெரிந்த விவரங்களையெல்லாம் கொட்டவும் முடியாது. அடைமொழிக் குவியலை எடுத்துவிட்டு அங்கே ஆண்டுகளையும் நீள அகலங்களையும் குவித்தால் படிப்பவருக்கு அதுவும் அதே களைப்புதான்.

தனுஷ்கோடியைப் பற்றி என் குறிப்பேட்டில் இருப்பவற்றைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சாலை முடிகிற இடத்தில் அசோகச் சின்னத்தோடு ஒரு தூண். வழியில் கோதண்டராமர் கோயில், 1964 புயலுக்குத் தப்பியது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயம், கூரை இல்லாமல். ரயில் நிலையத்தின் இடிபாடு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தொடங்கிய போட் மெயில். சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகலாம். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. மணலில் குழி தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கும் பெண்கள்.

இதில் எதை எடுப்பது, எதை விடுவது? நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்றுதான். போகிறவர் தன் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியுமா? இந்த ஊரைத் தவிர வேறெங்கும் சொல்ல முடியாததா? அதைச் சொன்னால் சொல்லாத ஒன்றையும் படிப்பவர் தானே புரிந்துகொள்வாரா? அசோகத் தூண் முதல் கேள்வியில் தேறும், மூன்றாவதில் தவறிவிடும். தூண் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஒன்பதரை கிலோமீட்டர் என்ற அளவு வண்டி ஓட்டுபவருக்குப் பயன்படும், ஆனால் அதன் இடம் வரைபடத்தின் ஓரம். கோதண்டராமர் கோயிலைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம், இங்கே சேர்த்தால் இரண்டும் கெடும்.

தண்ணீர்க் குழி மூன்று கேள்விகளிலும் தேறுகிறது. இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அங்கே சில அடி தோண்டினால் ஊறுகிற தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறது. இதில் அதிசயம் எதுவும் இல்லை, காரணம் இருக்கிறது. பெய்கிற மழை மணலில் இறங்கித் தங்குகிறது; நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது, ஆகவே அடியில் பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்தாற்போல நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பதால் குழி ஆழமற்றதாகவே இருக்கும், அதிலிருந்து மெல்ல முகந்து எடுப்பார்கள். கையேட்டில் இந்த விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால்தான் “அதிசய ஊற்று” என்று எழுதத் தோன்றாது. அந்த ஒரு குழியைச் சொன்னால் போதும். அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், குழாய் வசதி போதாது, பெண்கள் உழைக்கிறார்கள், கடல் எவ்வளவு பக்கம் என்பதையெல்லாம் படிப்பவர் தானே கண்டுகொள்வார்.

தேவாலயமும் தேறுகிறது. “பழமை வாய்ந்த தேவாலயம்” என்று எழுதினால் ஊருக்கு ஊர் இருக்கும் கட்டிடங்களில் ஒன்றாகிவிடும். “பவளக்கல்” என்றதும் கட்டிடத்தின் பிறப்பு தெரிகிறது. அக்கம்பக்கத்துக் கடலிலிருந்து எடுத்த கல். “கூரை இல்லை” என்றதும் புயல் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தால் கடலில் எடுத்ததைக் கொண்டு கட்டியதைக் கடலே வந்து உடைத்தது என்பதைப் பயணி தன் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். அதை நீங்கள் எழுதிவிடாதீர்கள். அவர் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் சுவை நீங்கள் சொல்லும்போது கிடைக்காது.

இவற்றை வைத்து நான் எழுதிய பத்தி இது:

“ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 20 கி.மீ. இருபுறமும் கடல் நெருங்கி வருகிற சாலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இந்த ஊர் அழிந்தது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. பக்கத்திலேயே மீனவர் குடிசைகள். மணலில் தோண்டிய குழியிலிருந்து உப்பில்லாத தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார்கள். சாலை முடிகிற அரிச்சல்முனையில் கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.”

அளவில் முதல் பத்தியைவிடக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஏழெட்டு வாக்கியங்களாகப் பிரிந்துவிட்டதால் எங்கும் மூச்சு முட்டாது. வரிசையையும் கவனியுங்கள். பயணி எந்த வழியாக வருகிறாரோ அதே வழியாகப் பத்தியும் போகிறது: சாலை, தேவாலயம், குடிசை, முனை. கையேட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். போட் மெயிலை நான் பத்தியில் சேர்க்கவில்லை. ரயில் நிலைய இடிபாட்டின் படம் போட்டால் அதன் கீழே ஒரு வரி: “சென்னையிலிருந்து கொழும்பு போனவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள்.” வெறும் செங்கல் சுவராகத் தெரிந்த படத்துக்கு அந்த ஒரு வரி உயிர் கொடுத்துவிடும். “ரயில் நிலையத்தின் எழில்மிகு தோற்றம்” என்று படத்தின் கீழே எழுதுவதை இனியாவது நிறுத்துங்கள். கையேட்டில் பலரும் முதலில் படிப்பது படத்தின் கீழ் இருக்கும் வரியைத்தான்.

அடைமொழியே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலே உள்ள பத்தியில் “உப்பில்லாத” என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். குழியிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். கடலோரத்தில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். அந்த ஒரு சொல் இருந்தால்தான் செய்தி இருக்கிறது. எடுத்தால் பொருள் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த அடைமொழி இருக்கட்டும். நிறம், அளவு, சுவை, எதனால் செய்தது, எது இல்லை என்று சொல்கிற அடைமொழிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் நிற்கும். எழுதுபவரின் வியப்பை மட்டும் சொல்கிறவை நிற்பதில்லை.

அடைமொழி நமக்கு ஏன் இவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதையும் மனம்விட்டுப் பேச வேண்டும். அதற்கு வயதாவதில்லை, அதை யாரும் சரிபார்ப்பதும் இல்லை. “ரம்மியமான” என்று எழுதினால் பத்தாண்டு கழித்தும் அப்படியே மறுபதிப்புப் போடலாம். விவரம் அப்படி இல்லை, பழசாகும். 2017க்கு முன் அச்சடித்த கையேடுகளில் தனுஷ்கோடி என்றால் மணலில் வேன் பயணம்தான். அதை அப்படியே எடுத்துப் போட்டவர்கள் சாலை வந்த பிறகும் இல்லாத ஒரு பயணத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழியும் அப்படித்தான். குடிநீர் வசதி மேம்பட்டால் அந்த வரி மாற வேண்டும், மாறினால் நல்லதுதான். ஆகவே ஒவ்வொரு மறுபதிப்புக்கும் முன் யாராவது ஒருவர் அங்கே போய்வர வேண்டும், முடியாவிட்டால் உள்ளூரில் ஒருவரிடம் கேட்க வேண்டும்.

விவரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. கடலைப் பற்றி எழுதும்போது “ஒருபுறம் அமைதியான பெண் கடல், மறுபுறம் ஆர்ப்பரிக்கும் ஆண் கடல்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ராமேஸ்வரம் பக்கம் மக்கள் அப்படிச் சொல்வார்கள்தான், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் மீனவர்களிடம் போய் நில்லுங்கள், மாதத்தைக் கேட்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ், வடகடல்தான் சீறும். டிசம்பரில் குழந்தைகளோடு வருகிறவர் உங்கள் கையேட்டை நம்பி “அமைதியான” பக்கம் கால் நனைக்க இறங்கினால் என்ன ஆகும்? அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது, குளிக்க ஏற்ற இடமே அல்ல. என் பத்தியில் எந்தக் கடலுக்கும் குணம் சொல்லாமல் பெயர் மட்டும் சொன்னதற்குக் காரணம் இதுதான். குணம் சொல்ல வேண்டுமானால் மாதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வரும் பூநாரைகளுக்கும் இதே விதி. மே மாதத்தில் போய் அவற்றைத் தேடுகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

விவரம் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. செட்டிநாட்டுக் கையேடுகளில் “பளபளக்கும் பிரம்மாண்டமான மாளிகைச் சுவர்கள்” என்று வருகிறது. அந்தச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்தது. “சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சித்திரை வெயிலிலும் குளிரும், பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கிறது” என்று எழுதினால் காரைக்குடிக்கு வருகிற யாரும் சுவரைத் தொடாமல் போக மாட்டார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை “வண்ணமயமான” என்று சொல்வதற்குப் பதில், கண்ணாடித் தட்டின் மேல் சாயச் சாந்தைக் கையால் ஊற்றி வார்க்கிறார்கள் என்று சொல்லலாம். வார்ப்பவரின் கை போன போக்கில் பூவின் விளிம்பு சற்று விலகியிருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும்.

உரிமையாளர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். “என்ன சார், ஒரு வர்ணனையே இல்லாம மொட்டையா இருக்கு” என்பார். அவரோடு வாதம் செய்யாதீர்கள். இரண்டு பத்திகளையும், அந்த ஊருக்கே போகாத ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளரின் வீட்டு ஆளாகவே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து, “எது ஞாபகம் இருக்கு?” என்று கேட்கட்டும். முதல் பத்தியிலிருந்து “நல்ல ஊர்னு போட்டிருந்துச்சு” என்பதைத் தாண்டி எதுவும் வராது. இரண்டாவதிலிருந்து கூரையில்லாத தேவாலயமோ தண்ணீர்க் குழியோ நிச்சயம் வரும். அப்படியும் அவர் இறங்கி வரவில்லை என்றால், அட்டையில் ஒரே ஒரு “எழில்மிகு”வை விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வேலை தொடர்பான ஒரு வேண்டுகோள். கையெழுத்துப்படியோடு உங்கள் குறிப்பேட்டுப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதில் எந்தத் தேதியில் போனீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்பது இருக்க வேண்டும். குறிப்பாக, தனுஷ்கோடிச் சோதனைச் சாவடியில் மாலை எத்தனை மணிக்கு வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்பதை அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள். “மாலைக்குள்” என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அந்த நேரத்தைப் போட்டுவிடலாம். வெளியூரிலிருந்து காரில் வருகிறவருக்கு அந்தப் பக்கத்திலேயே அதிகம் பயன்படப்போவது அந்த எண்தான்.

அன்புடன்,
உங்கள் கையேடுகளின் மெய்ப்புத் திருத்துநர்